தயவுசெய்து என்ற சொல் இல்லாத பணிவு

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிவிப்புகளையும் கடிதங்களையும் தமிழாக்குபவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே ஒரு சொல்லில் இடறுகிறார்கள். மூலத்தில் ‘ப்ளீஸ்’ வரும் ஒவ்வோர் இடத்திலும் ‘தயவுசெய்து’ என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அகராதியும் அதைத்தான் சொல்லும். ஆனால் அப்படி எழுதிய தமிழை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால், வேண்டுகோள் விடுப்பவர் நம்மிடம் மரியாதையாகப் பேசுகிறார் என்ற எண்ணம் வருவதில்லை. ஒன்று அவர் மன்றாடுகிறார், இல்லையேல் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார், அதுவும் இல்லையேல் பொறுமை இழந்து பேசுகிறார் என்றே தோன்றுகிறது.

இந்த மூன்று தொனிகளும் தற்செயலாக வந்தவை அல்ல. ‘தயவு’ என்பது மேலிருப்பவர் கீழிருப்பவர்மீது காட்டும் இரக்கம். ஆகவே ‘தயவுசெய்து என்னைக் காப்பாற்றுங்கள்’ என்னும்போது அந்தச் சொல் தன் முழுப் பொருளோடு, பொருத்தமான இடத்தில் நிற்கிறது. அதே சொல்லைத் தண்ணீர் கேட்கும் இடத்தில் வைத்தால் வேண்டுகோளின் எடைக்கும் சொல்லின் எடைக்கும் பொருத்தம் இல்லாமல் போகிறது. ஒரு மகள் தாயிடம் ‘அம்மா, தயவுசெய்து தண்ணீர் கொடுங்கள்’ என்று சொன்னால் அந்த வீட்டில் ஏதோ மனத்தாங்கல் நடந்திருக்கிறது என்றுதான் கேட்பவர் நினைப்பார். ‘தயவுசெய்து கொஞ்சம் பேசாமல் இரு’ என்பதில் தயவும் இல்லை, பணிவும் இல்லை. சலிப்பு மட்டுமே இருக்கிறது. ஆங்கிலச் சொல்லும் அழுத்திச் சொன்னால் சலிப்பைக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அழுத்தாமல் சொல்லும்போது அதற்கு எடையே இல்லை. அது வேண்டுகோளுக்கு ஒட்டப்படும் ஒரு முத்திரை. மேலதிகாரி கீழ்ப்பணியாளரிடம் சொன்னாலும், குழந்தை பெரியவரிடம் சொன்னாலும் அதன் வடிவம் மாறாது. ‘தயவுசெய்து’ அப்படி எடையிழந்து பழகவில்லை. எழுத்தில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தும் தமிழர்களே பேச்சில் அதைத் தவிர்த்து ‘ப்ளீஸ்’ என்று சொல்லிக்கொள்வதற்குக் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியானால் தமிழில் பணிவு எங்கே இருக்கிறது? பெரும்பகுதி வினையின் இறுதியில் இருக்கிறது. ‘வா’ என்பது ஏவல். ‘வாரும்’ என்பது அதற்கு ஒரு படி மேல், நீர் என்று விளிக்கப்படுபவருக்கு உரியது. ‘வாருங்கள்’ என்பது இன்று பொது மரியாதை. நடுப்படியான ‘வாரும், இரும், சொல்லும்’ ஆகியவை யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அந்தப் படி பேச்சிலிருந்து உதிர்ந்து, வழிபாட்டில் தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் வினைக்கு இந்தப் படிகள் இல்லை. எல்லோருக்கும் ஒரே வடிவம். எனவே அறிமுகமில்லாதவரிடம் வெறும் வினையைச் சொன்னால் அது கட்டளையாகிவிடும் என்பதால், வெளியிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டியிருக்கிறது. ‘உட்காருங்கள்’ என்று சொல்லும் தமிழருக்கு அந்தத் தேவை இல்லை. ‘உங்கள்’ என்ற விகுதியே அந்தக் கடமையை முடித்துவிட்டது. அதற்குமேல் ‘தயவுசெய்து’ சேர்ப்பவர் ஒரே மரியாதையை இரண்டு முறை செலுத்துகிறார், இரண்டாவது முறை எதற்கு என்று கேட்பவர் யோசிக்கத் தொடங்குகிறார்.

இதற்கு மிகத் தெளிவான சான்று பிரார்த்தனை மொழியில் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் சொல்லும் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்ற ஜெபத்தைக் கவனியுங்கள். மனிதன் இறைவனிடம் கேட்பதைவிடப் பணிவான வேண்டுகோள் வேறு இருக்க முடியாது. அதில் ‘தாரும்’ என்ற ஏவலும், ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்ற வியங்கோளும் வருகின்றனவே தவிர, தயவுசெய்து என்ற சொல் வருவதில்லை. முருகனிடமும் அம்மனிடமும் பாடுபவர்கள் ‘அருள்வாய், காப்பாய்’ என்று எதிர்கால வினைமுற்றையே வேண்டுகோளாக்குகிறார்கள். நீ அருளப் போகிறாய் என்று உறுதியாகச் சொல்வதே அங்கே கேட்பதாகிறது. பணிவைக் காட்ட இத்தனை வினை வடிவங்கள் கையில் இருக்கும் மொழி, அதை ஒரு தனிச்சொல்லிடம் ஒப்படைக்காமல் விட்டதில் வியப்பில்லை.

வினையின் இறுதி மட்டுமல்ல, எந்த வினை என்பதே தொனியைத் தீர்மானித்த காலமும் உண்டு. தொல்காப்பியம் ‘ஈ, தா, கொடு’ ஆகிய மூன்றையும் இரந்து கேட்பதற்கான சொற்கள் என்று ஒன்றாகச் சொல்லிவிட்டு, அடுத்தடுத்த நூற்பாக்களில் அவற்றைப் பிரிக்கிறது. ‘ஈ’ என்று கேட்பவர் கொடுப்பவரைவிடத் தாழ்ந்தவர், ‘தா’ என்று கேட்பவர் ஒத்தவர், ‘கொடு’ என்று கேட்பவர் உயர்ந்தவர். மூன்றும் ஒரே பொருளைத்தான் கேட்கின்றன; கேட்பவர் எங்கே நின்று கேட்கிறார் என்பதை மட்டும் சொல் காட்டிக்கொடுக்கிறது. அந்தப் பிரிவினையின் சமூக அடித்தளத்தை இன்று யாரும் பேண வேண்டியதில்லை. ஆனாலும் அதன் மெல்லிய எச்சம் ஒன்று எழுத்துத் தமிழில் இருக்கிறது. ‘எழுதிக் கொடுங்கள்’ என்பதைவிட ‘எழுதித் தாருங்கள்’ எனக்கு நெருக்கமாகக் கேட்கிறது. தன்மைக்கும் முன்னிலைக்கும் தருதல், படர்க்கைக்குக் கொடுத்தல் என்ற பழைய வேறுபாடும் இதில் கலந்திருக்கிறது. ‘எனக்கு’ என்று சொல்லாமலே அது எனக்குத்தான் என்பதைத் ‘தாருங்கள்’ தெரிவித்துவிடுகிறது.

இனி நேரடி ஏவலை விட்டு, சுற்றிக் கேட்கும் வகைக்கு வருகிறேன். ஆங்கிலம் கற்ற தமிழர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்க வேண்டுமென்றால் ஆற்றலைப் பற்றிக் கேட்பார்கள். அதை அப்படியே கொண்டுவந்து ‘கதவைச் சாத்த முடியுமா?’ என்று இப்போது நாமும் கேட்கிறோம். தமிழில் இது புரியாமல் போவதில்லை. பலர் தினமும் சொல்கிறார்கள். ஆனாலும் ‘முடியுமா’ என்பது தன் நேர்ப்பொருளை முழுவதும் இழக்கவில்லை. சற்றே குரல் உயர்ந்தால் ‘முடியுமா, முடியாதா?’ என்ற அறைகூவல் அதன் பின்னால் எட்டிப் பார்க்கும். மறுப்பவருக்கும் ‘முடியாது’ என்ற சொல்லே எஞ்சுகிறது, அது தமிழில் மிகக் கடுமையான மறுப்பு. மென்மையாகக் கேட்க நினைத்தவர், எதிரில் இருப்பவர் மென்மையாக மறுப்பதற்கான வழியை அடைத்துவிடுகிறார்.

தமிழ் இயல்பாகக் கேட்பது நிகழ்கால வினாவில்: ‘கதவைக் கொஞ்சம் சாத்துகிறீர்களா?’ இதில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, காலம். ‘சாத்துவீர்களா?’ என்று எதிர்காலத்தில் கேட்டால் அது தகவலோ வாக்குறுதியோ கேட்பதாகிவிடும், ‘சாத்த மாட்டீர்களா?’ என்றால் குறைகூறலாகவோ கெஞ்சலாகவோ மாறிவிடும். நிகழ்காலத்தில் கேட்கும்போது, நீங்கள் ஏற்கெனவே எழுந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, அதை உறுதிசெய்துகொள்வதுபோல் கேட்கிறோம். இரண்டாவது, ‘கொஞ்சம்’. கதவைப் பாதி சாத்தச் சொல்லி யாரும் இப்படிக் கேட்பதில்லை. கொஞ்சம் என்பது கதவை அளக்கவில்லை. நான் உங்களுக்குத் தரும் சிரமத்தை அளந்து, சிறியது என்று சொல்கிறது. பேச்சுத் தமிழில் ஆங்கிலச் சொல்லின் வேலைக்கு மிக அருகில் வரும் சொல் எது என்று என்னைக் கேட்டால், ‘தயவுசெய்து’ என்று சொல்ல மாட்டேன், ‘கொஞ்சம்’ என்றே சொல்வேன்.

‘வாருங்களேன், சொல்லேன்’ என்ற ஏன் விகுதியைப் பற்றியும் ஒரு சொல். இது வற்புறுத்தும் வடிவம்தான், ஆனால் அன்பினால் வற்புறுத்துவது. கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் இடையில் ஏற்கெனவே உறவு இருந்தால்தான் இது பொருந்தும். ‘ஒரு நாள் வீட்டுக்கு வாருங்களேன்’ என்பது இதமானது. ‘விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்களேன்’ என்று முன்பின் அறியாத அதிகாரியிடம் சொன்னால் அது அளவு மீறிய உரிமை. ஆங்கிலச் சொல்லுக்கு இந்த உறவு நிபந்தனை இல்லாததால், அதை மொழிபெயர்ப்பவர்கள் இந்த வடிவத்தை நினைத்துப் பார்ப்பதே இல்லை. உரையாடல்களை மொழிபெயர்க்கும்போது இது பெரிய இழப்பு. நண்பர்கள் பேசிக்கொள்ளும் இடங்களில் மூலத்தின் சொல்லுக்கு ஈடாக வர வேண்டியது பெரும்பாலும் இந்த விகுதிதான்.

எழுத்தில் நிலைமை வேறு. எதிரில் முகம் இல்லை. படிப்பவர் சிறுவரா முதியவரா, ஒருவரா பலரா என்பது தெரியாது. இந்த இடத்திற்கென்றே தமிழிடம் வியங்கோள் இருக்கிறது. வியங்கோள் முன்னிலை, தன்மை ஆகிய இரண்டு இடங்களிலும் நிலைபெறாது என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதாவது அது முதன்மையாகப் படர்க்கைக்கு உரியது. ‘கெடுக உலகியற்றியான்’ என்று குறள் சபிக்கும்போது அந்தப் படர்க்கைப் பயன்பாட்டைத் தெளிவாகக் காணலாம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலை எழுதும்போது நிலை மாறியிருக்கிறது. க, ய, ர் ஆகிய ஈறுகளை உடைய வியங்கோள் எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் வரும் என்பது அவர் விதி. வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம் பயன்படுவதும் அதனால்தான். இடமும் பாலும் எண்ணும் காட்டாத வடிவம் மரியாதையின் படியையும் காட்டாது. அவமதிக்காது, உயர்த்தவும் செய்யாது. வினாத்தாளில் ‘விளக்குக’, ‘பொருத்துக’, ‘நிரப்புக’ என்று படிக்கும் மாணவர் தன்னை யாரும் அதட்டுவதாக நினைப்பதில்லை. அந்த இடத்தில் ‘விளக்கு’ என்று இருந்தால் நினைப்பார், ‘விளக்குங்கள்’ என்று இருந்தால் அது தேர்வாகவே தோன்றாது.

இந்த வடிவத்தைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘க்க’ என்று முடியும் வினைகளில் வியங்கோளும் செய என்னும் வாய்பாட்டு எச்சமும் ஒன்றுபோலவே இருக்கும். ‘சேமிக்க’ என்பது ‘சேமிப்பீராக’ என்றும் பொருள்படும், ‘சேமிப்பதற்கு’ என்றும் பொருள்படும். மற்ற வினைகளில் இந்த மயக்கம் இல்லை: ‘அனுப்புக’ வேறு, ‘அனுப்ப’ வேறு; ‘தேடுக’ வேறு, ‘தேட’ வேறு. கணினித் திரையில் வரும் பட்டியல்களில் ‘திறக்க, சேமிக்க, அனுப்ப, நீக்குக’ என்று கலந்து வருவதற்குக் காரணம், முதல் இரண்டு சொற்களை எழுதியவர் தாம் எந்த வடிவத்தை எழுதுகிறோம் என்று முடிவு செய்யாததே. இலக்கண விதிகளையெல்லாம் தேட வேண்டியதில்லை. பட்டியலில் ‘அனுப்பு’ போன்ற ஒரு வினையை முதலில் எழுதிப் பார்த்தால் போதும், முடிவு தானாகத் தெரிந்துவிடும்.

திரையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொத்தானில் ‘சேமி’ என்று இருப்பது மரியாதைக் குறைவு என்று சிலர் வருந்தி ‘சேமிக்கவும்’ என்று மாற்றுகிறார்கள். அங்கே பேசுவது யார் என்று பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்துபவர் கணினிக்கு ஆணையிடுகிறார். கணினியிடம் ‘சேமி’ என்று சொல்வதில் குறை ஒன்றும் இல்லை. அதே திரையில் ‘கடவுச்சொல் பொருந்தவில்லை’ என்று வரும் செய்தியில் பேசுவது கணினி, கேட்பவர் மனிதர். அங்கே ‘மீண்டும் உள்ளிடு’ என்று எழுதுவது தவறு. ‘மீண்டும் உள்ளிடுங்கள்’ அல்லது ‘உள்ளிடுக’ என்றே இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை வடிவம் என்பதால் மூலத்தில் இந்த வேறுபாடு கண்ணில் படாது. தமிழில் எழுதுபவர்தான் ஒவ்வொரு வரிக்கும் யார் யாரிடம் பேசுகிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வியங்கோளின் இடத்தை அன்றாட அறிவிப்புகளில் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது ‘செய்யவும்’ என்ற வடிவம். வரிசையில் நிற்கவும், அமைதி காக்கவும் என்று அது எங்கும் இருக்கிறது. அதற்கும் முகம் இல்லை. ஆனால் ‘செய்க’ என்பதில் இல்லாத ஒரு கறார் அதில் ஏறியிருக்கிறது. இரண்டு ஏவல்கள் அடுத்தடுத்து வந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘படிவத்தை நிரப்பவும் கையொப்பமிடவும்’ என்று படிப்பவர், ‘எழுதவும் படிக்கவும் தெரியும்’ என்பதுபோல் இன்னொரு வினை வரப்போகிறது என்று காத்திருக்கிறார். அது வராமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. ‘நிரப்பிக் கையொப்பமிடவும்’ என்று முதல் வினையை எச்சமாக்கினால் வாக்கியம் நேராகிவிடும்.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் பார்ப்பதற்கு, சங்கம் ஒன்று தன் உறுப்பினர்களுக்கு அனுப்பும் ஆங்கிலச் சுற்றறிக்கையின் மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்கிறேன். மூன்றிலும் ‘ப்ளீஸ்’ உண்டு. நேர் மொழிபெயர்ப்பு இப்படி வரும்: ‘தயவுசெய்து இணைப்பில் உள்ள படிவத்தை நிரப்பி 15ஆம் தேதிக்குள் அனுப்பவும். தயவுசெய்து அசல் சான்றிதழ்களை இணைக்காதீர்கள். தயவுசெய்து உங்களுக்கு ஏதேனும் உதவி தேவைப்பட்டால் எங்களுக்குத் தெரியப்படுத்தவும்.’

முதல் வாக்கியம் உண்மையான வேண்டுகோள், அதில் கெடுவும் இருக்கிறது. உறுப்பினர்கள் சங்கத்தின் பணியாளர்கள் அல்லர் என்பதால் ‘அனுப்பவும்’ பொருந்தாது. ‘இணைப்பில் உள்ள படிவத்தை நிரப்பி 15ஆம் தேதிக்குள் அனுப்பிவையுங்கள்’ என்பது என் தேர்வு. ‘அனுப்புங்கள்’ என்பதோடு ‘வை’ சேரும்போது வினை சற்றே இறங்கி, அவசரம் குறைகிறது. கடிதம் இன்னும் முறையாக இருக்க வேண்டுமென்றால் ‘அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதலாம். அப்போது முதன்மை வினை நம்முடையதாகிறது; அவர்கள் அனுப்ப வேண்டும் என்பதைவிட நாம் கேட்கிறோம் என்பதே வாக்கியத்தின் செய்தி. ஆனால் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று செயப்பாட்டுவினைக்குப் போய்விடக் கூடாது. கேட்பவர் யார் என்பது மறைந்தவுடன் அது வேண்டுகோளாக இல்லாமல் ஆணையாகிவிடுகிறது.

இரண்டாவது வாக்கியம் எதிர்மறை. ‘இணைக்காதீர்கள்’ என்பது, ஏற்கெனவே இணைக்கப் போகிறவரின் கையைப் பிடிப்பது. ‘இணைக்கக் கூடாது’ என்பது விதி. ‘இணைக்க வேண்டாம்’ என்பது தேவையில்லை என்று சொல்வதால் மூன்றிலும் மென்மையானது, அத்துடன் ‘நகல்களே போதும்’ என்று சேர்த்துவிட்டால் படிப்பவருக்கு அது தடையாக அன்றிச் சலுகையாகத் தெரியும். நேர்ப் பக்கத்திலும் ‘வேண்டும்’ இப்படித்தான் நடந்துகொள்கிறது. ‘நீங்கள்தான் இதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்’ என்று பெரியவர் ஒருவரிடம் சொல்லும்போது நாம் அவருக்குக் கடமை விதிக்கவில்லை. நம் தேவையைத்தான் சொல்கிறோம். ‘மன்னிக்க வேண்டும்’ என்பதில் கட்டாயம் துளியும் இல்லாததும் அதனால்தான்.

மூன்றாவது வாக்கியத்தில் வேண்டுகோளே இல்லை. உதவி தேவைப்படுபவர் கேட்கலாம் என்று சங்கம் முன்வந்து சொல்கிறது. ஆங்கில மரபு அங்கேயும் அந்தச் சொல்லைப் போடுகிறது. தமிழில் ‘தயவுசெய்து தெரியப்படுத்தவும்’ என்று எழுதினால், உதவி கேட்க வேண்டியவர் நமக்குத் தயவு செய்ய வேண்டியவராகிவிடுகிறார். ‘உதவி ஏதும் தேவையென்றால் தயங்காமல் கேளுங்கள்’ என்றால் போதும். அவருடைய தயக்கத்தை நாம் முன்பே நினைத்துப் பார்த்திருக்கிறோம் என்பதைத் ‘தயங்காமல்’ சொல்லிவிடுகிறது. கெடு முடிந்தபின் ஒரு வாரம் கழித்து, படிவம் அனுப்பாதவர்களுக்கு அதே சங்கம் மறுபடி எழுதும்போது, ‘இன்னும் அனுப்பாதவர்கள் தயவுசெய்து இந்த வாரத்திற்குள் அனுப்பிவையுங்கள்’ என்று எழுதலாம். அந்த இடத்தில் ‘தயவுசெய்து’ என்பதை நான் நீக்க மாட்டேன்.